கவசம் அணிந்தவர் பிரபுவா, நைட்டா? ஏழாம் வகுப்புப் படவினாத்தாள் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

நிலமானிய முறையைப் பற்றிப் படம் வைத்துக் கேள்வி கேட்கும் தாள்களில் பெரும்பாலும் ஒரே படம்தான் வருகிறது. ஒரு முக்கோணம். உச்சியில் கிரீடத்தோடு அரசர், அடுத்த படியில் பிரபுக்கள், அதற்குக் கீழே நைட் எனப்படும் குதிரைவீரர்கள், அடியில் மண்வெட்டியோடு குடியானவர்கள். ஏழாம் வகுப்பு ஒன்றில் கொடுக்கப்பட்ட தாளிலும் இந்த முக்கோணம்தான் இருந்தது. "அடிப்படியில் இருப்பவர்கள் யார்?", "பிரபு நைட்டுக்கு என்ன கொடுத்தார்?", "நைட்டின் கடமை என்ன?" என்று கேள்விகள். வகுப்பு முழுக்க நல்ல மதிப்பெண். அந்த மதிப்பெண்தான் பாடம் எடுத்த ஆசிரியருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. "படத்தை மறைச்சுட்டுக் கொடுத்திருந்தாலும் இதே மார்க்தான் வந்திருக்கும்போல" என்று சொல்லி, விடைத்தாள்களை என்னிடம் கொண்டுவந்தார்.

பக்கத்துப் பிரிவில் படத்தை எடுத்துவிட்டு அதே கேள்விகளைக் கொடுத்துப் பார்த்தோம். விடைகள் மாறவே இல்லை. அதாவது, தாளில் படம் இருந்ததே தவிர அதற்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை. பிள்ளைகள் பாடப்புத்தக வரிகளை நினைவில் வைத்து எழுதியிருந்தார்கள். அப்புறம் வாய்மொழியாக ஒரு கேள்வி கேட்டோம்: "ஒரே ஆள் பிரபுவாகவும் நைட்டாகவும் இருக்க முடியுமா?" கிட்டத்தட்ட எல்லாரும் முடியாது என்றார்கள். "அவங்க வேற படி, இவங்க வேற படி" என்று காரணமும் சொன்னார்கள். முக்கோணம் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது அதைத்தான். ஆனால் அது உண்மை அல்ல.

இதற்குப் பதிலாக நாங்கள் தயாரித்த வினாத்தாளையும், அது வகுப்பில் எப்படிப் போனது என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

படத்தைத் தேர்ந்தெடுத்தது

பாடநூல்களுக்காக இன்றைய ஓவியர்கள் வரைந்த படங்களை ஒதுக்கிவிட்டோம். அவற்றை வரைந்தவர் பாடத்தைப் படித்துவிட்டு வரைந்திருப்பார். எனவே பாடத்தில் இல்லாத எதையும் பிள்ளைகள் அதில் கண்டுபிடிக்க முடியாது. நிலமானிய முறை நடப்பில் இருந்த காலத்திலேயே வரைந்த படம் வேண்டும். பிரபு, நைட், குடியானவர் மூன்று பேரும் ஒரே இடத்தைச் சேர்ந்தவர்களாக அதில் இருக்க வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனைதான் கஷ்டமானது. கோட்டை ஒரு நாட்டிலிருந்து, உழவு இன்னொரு நூற்றாண்டிலிருந்து என்று சேர்த்து ஒட்டினால், அவர்களுக்கு இடையே என்ன உறவு என்ற கேள்வியைக் கேட்கவே முடியாது.

லட்ரல் சங்கீதச் சுவடி அந்த நிபந்தனைக்குப் பொருந்துகிறது. இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பகுதியில் இர்ன்ஹம் என்ற ஊரின் பிரபு சர் ஜெஃப்ரி லட்ரல். அவர் பிறந்தது 1276இல், இறந்தது 1345இல். ஏறக்குறைய 1325க்கும் 1340க்கும் இடையில் தனக்காக அவர் ஒரு சங்கீதப் புத்தகம் எழுதச் செய்தார். பைபிளின் சங்கீதங்களை லத்தீனில் எழுதி, ஓரங்களை ஓவியங்களால் நிரப்பிய தோல் ஏட்டுச் சுவடி அது. இப்போது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அதன் ஓரங்களில் உழவு, விதைப்பு, பரம்படித்தல், களையெடுப்பு, அறுவடை, கதிர்க்கட்டு ஏற்றிய வண்டி என்று ஓர் ஆண்டின் வயல்வேலை பக்கம் பக்கமாக வருகிறது. பின்னால் பிரபுவின் சமையற்கட்டும் விருந்து மேசையும் வருகின்றன. குதிரைமேல் முழுக் கவசத்தோடு ஜெஃப்ரியே வரும் புகழ்பெற்ற படமும் இதில்தான் இருக்கிறது.

அந்தக் கவசப் படத்தைச் சற்று விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் தாள் முழுவதும் அதைச் சுற்றித்தான் அமைந்தது. ஜெஃப்ரி குதிரையில் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய மனைவி ஆக்னஸ் தலைக்கவசத்தை எடுத்துக் கொடுக்கிறார். மருமகள் பியாட்ரிஸ் கேடயத்தோடு பக்கத்தில் நிற்கிறார். நீலப் பின்னணியில் சாய்வான ஒரு வெள்ளிப் பட்டை, அதன் இருபுறமும் வெள்ளிநிறச் சிறு பறவைகள்: இது லட்ரல் குடும்பச் சின்னம். கேடயத்தில், குதிரையின் போர்வையில், தோளில், கொடியில் என்று படம் முழுக்க அதே பறவைகள். படத்துக்கு மேலே லத்தீனில் ஒரு வரி இருக்கிறது. பிரபு ஜெஃப்ரி லட்ரல் என்னைச் செய்வித்தார் என்று அந்தப் புத்தகமே சொல்வதுபோல எழுதப்பட்ட வரி.

இதனால்தான் இந்தப் படம் எங்களுக்கு வேண்டியிருந்தது. எழுத்து அவரைப் பிரபு என்கிறது, ஓவியம் அவரை நைட்டாகக் காட்டுகிறது. முக்கோணம் பிரித்து வைத்த இரண்டு படிகளும் இங்கே ஒரே ஆளாகக் குதிரையில் உட்கார்ந்திருக்கின்றன.

தாளில் இருந்தவை

முக்கியமாக மூன்று படங்களை எடுத்தோம்: கவசப் படம், விருந்துப் படம், உழவுப் படம். துணைக்குப் பரம்படிக்கும் பக்கத்தின் ஒரு பகுதியையும் அறுவடைப் படத்தையும் வைத்துக்கொண்டோம். விருந்தில் ஜெஃப்ரி மேசையின் நடுவில் இருக்கிறார். குடும்பத்தாரும் இரண்டு டொமினிக்கன் துறவிகளும் அவரோடு உட்கார்ந்திருக்கிறார்கள். உழவில் நான்கு எருதுகள் கலப்பையை இழுக்கின்றன. ஒருவர் கலப்பையைப் பிடித்திருக்கிறார், இன்னொருவர் நீண்ட சாட்டையோடு எருதுகளை ஓட்டுகிறார். பிறகு சேர்த்த சிறு படம் ஒன்று உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கேள்விகள் எழுத ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டோம். எந்தக் கேள்விக்கும் விடை எழுதும் பிள்ளை, படத்தில் ஓர் இடத்தை விரலால் தொட்டுக் காட்ட முடிய வேண்டும். தொட இடம் இல்லாத கேள்வி படவினா அல்ல, அதை வேறு தாளுக்கு அனுப்பிவிடலாம். "நிலமானிய முறை என்றால் என்ன?" என்ற கேள்வி அப்படித்தான் வெளியேறியது.

முதல் பகுதி கண்ணுக்கு. "கவசப் படத்தில் வெள்ளைப் பறவைகள் எங்கெல்லாம் இருக்கின்றன? அதே பறவைகள் விருந்துப் படத்தில் எங்கே இருக்கின்றன?" என்பது முதல் கேள்வி. விருந்து மேசைக்குப் பின்னால் தொங்கும் நீலத் துணியில் அவை இருக்கின்றன. அதைக் கண்டுபிடிப்பதில் பிள்ளைகளுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும்! கண்டுபிடித்த உடனே யாரும் சொல்லிக் கொடுக்காமலே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள்: குதிரையில் இருந்த ஆளும் மேசை நடுவில் இருக்கும் ஆளும் ஒருவரே, அல்லது ஒரே வீட்டுக்காரர்கள். போருக்குப் போகிறவரும் வீட்டில் விருந்து வைக்கிறவரும் ஒருவர்தான் என்பது இந்த இடத்தில் பிள்ளைகள் தாங்களே கண்டெடுத்த செய்தியாகிவிடுகிறது.

இரண்டாம் பகுதி ஒப்பிட. இங்கே ஆட்களை ஒப்பிடச் சொல்லாமல் குதிரைகளை ஒப்பிடச் சொன்னோம். சுவடியில் பரம்படிக்கும் பக்கத்தில் ஒரு குதிரை பரம்பை இழுத்துக்கொண்டு போகிறது. அந்தப் பகுதியை மட்டும் எடுத்துக் கவசப் படத்துக்குப் பக்கத்தில் வைத்து, "இரண்டு குதிரைகளுக்கும் என்னென்ன வேறுபாடு? ஒவ்வொன்றையும் வைத்திருக்க யாரால் முடிந்திருக்கும்?" என்று கேட்டோம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடம் "நைட்டுக்கும் குடியானவருக்கும் என்ன வேறுபாடு" என்று கேட்டால், நைட் வீரமானவர், குடியானவர் ஏழை என்று முடித்துவிடுவார்கள். குதிரையைக் கேட்டால் போர்வை, சேணம், சின்னம், கழுத்துப்பட்டை, இழுக்கும் கயிறு என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். அங்கிருந்து செலவுக்கு வருகிறார்கள். நல்ல போர்க்குதிரை ஒன்றின் விலைக்கு உழவுக் குதிரைகள் பல வாங்கலாம். கவசம், ஆயுதம், குதிரையைப் பார்த்துக்கொள்ளும் ஆள் என்று மேலும் செலவு உண்டு. தானாக உழுது பிழைக்கிறவரால் அது முடியாது. வேறு பலர் உழைத்துத் தரும் வருமானம் இருந்தால்தான் முடியும். நைட்டுக்கு நிலம் கொடுத்ததன் காரணமே இதுதான். அதை ஒரு வரையறையாக மனப்பாடம் செய்வதைவிட ஒரு குதிரையிலிருந்து வந்து சேர்வது எவ்வளவோ மேல்.

விடைகளில் ஒன்று இப்படி இருந்தது: "முதல் குதிரை வேலை செய்யவில்லை, அதற்கு இரண்டாவது குதிரை வேலை செய்கிறது." அதற்கு முழு மதிப்பெண் கொடுத்தோம். போர்க்குதிரைக்கும் கடுமையான வேலை உண்டுதான். ஆனாலும் அந்தப் பிள்ளை உறவைப் பிடித்துவிட்டது.

மூன்றாம் பகுதியில் படத்தில் இல்லாததைக் கேட்டோம். அதில்தான் பெரும் பிரச்சினை வந்தது.

"சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள்"

உழவுப் படத்தையும் அறுவடைப் படத்தையும் பார்த்து, "குடியானவர்களின் வாழ்க்கை எப்படி இருந்தது?" என்று எழுதச் சொல்லியிருந்தோம். பெரும்பாலான விடைகள் நன்றாக இருந்தது என்றே சொல்லின. காரணமும் படத்திலிருந்தே காட்டினார்கள். ஆடை கிழியவில்லை. கலர் கலராக இருக்கிறது. யாரும் அழவில்லை. எருதுகள் கொழுத்திருக்கின்றன. தொட்டுக் காட்ட வேண்டும் என்ற எங்கள் விதிப்படி பார்த்தால் எல்லாமே சரியான விடை. வரலாற்றின்படி பார்த்தால் ஏமாந்த விடை.

இர்ன்ஹம் போன்ற ஊர்களில் குடியானவர் பலர் பண்ணையடிமைகள். பிரபுவின் அனுமதி இல்லாமல் ஊரை விட்டுப் போக முடியாது. மகளைக் கட்டிக்கொடுக்கப் பிரபுவுக்குப் பணம் கட்ட வேண்டும். குடும்பத்தலைவர் இறந்தால் வீட்டின் நல்ல மாடு பிரபுவுக்குப் போகும். மாவரைக்கப் பிரபுவின் ஆலைக்குத்தான் போக வேண்டும், அங்கே மாவில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். இதே சுவடியில் நீராலை ஒன்றின் படம்கூட இருக்கிறது, பார்க்க அழகாக இருக்கும். 1315 முதல் 1317 வரை இங்கிலாந்து உட்பட வடக்கு ஐரோப்பாவில் விடாத மழையால் விளைச்சல் பொய்த்துக் கொடும்பஞ்சம் வந்தது. சுவடியை எழுதத் தொடங்கும்போது அந்தப் பஞ்சம் எல்லார் நினைவிலும் இருந்திருக்கும். ஆனால் ஓரங்களில் வரையப்பட்ட வயல்களில் பஞ்சத்தின் சுவடு இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு விடையும் அதே சுவடியில்தான் இருக்கிறது: "பிரபு ஜெஃப்ரி லட்ரல் என்னைச் செய்வித்தார்." பணம் கொடுத்தவர் அவர், பார்க்கப்போகிறவரும் அவர். தன் நிலம் ஒழுங்காக உழப்படுகிறது, தன் ஆட்கள் அடக்கமாக வேலை செய்கிறார்கள், தன் மேசை நிரம்பியிருக்கிறது என்று காட்டும் படங்கள் இவை. இதற்காகப் படத்தைப் பொய் என்று தள்ளிவிட வேண்டியதில்லை. கலப்பையின் வடிவத்துக்கும் கருவிகளுக்கும் இது நல்ல ஆதாரம். குடியானவரின் மனதுக்கு மட்டும் இது ஆதாரம் ஆகாது. இந்த வேறுபாட்டைச் சிறு பிள்ளைகளுக்குச் சொல்ல முடியாது என்று சிலர் நினைக்கிறார்கள். முடியும். ஆனால் உரையாகச் சொல்லாமல் கேள்வியாகக் கேட்க வேண்டும்.

அதனால் அந்தக் கேள்வியை இரண்டாக உடைத்தோம். முதலில் "இந்தப் படத்துக்குப் பணம் கொடுத்தவர் யார்? அதை எந்தப் படத்திலிருந்து கண்டுபிடித்தாய்?" லத்தீன் வரியின் பொருளைத் தாளின் அடியில் தமிழில் கொடுத்திருந்தோம். அடுத்து, "கலப்பை பிடித்தவரே பணம் கொடுத்துப் படம் வரையச் சொல்லியிருந்தால் இந்தப் படத்தில் எதை மாற்றியிருப்பார்?" இரண்டாவது கேள்வி கற்பனையைத் தூண்டும் கேள்வி மாதிரி தெரியும். ஆனால் மாற்றத்துக்குக் காரணமும் எழுத வேண்டும் என்று வைத்ததால், பிள்ளைகள் பாடத்தில் படித்த கடமைகளைத் தேடிப் போனார்கள். ஒரு விடையில் வண்டிநிறைய கதிர்க்கட்டு பிரபுவின் களஞ்சியத்துக்குப் போவதைக் குடியானவர் பார்த்துக்கொண்டு நின்றார். இன்னொரு விடையில், வயலுக்கு அந்தப் பக்கம் அவருடைய சொந்த நிலம் அறுக்காமல் கிடந்தது. எழுதியவளிடம் ஏன் என்று கேட்டேன். "அவர் இங்க இருக்காரே டீச்சர், அங்க யாரு அறுப்பா?" என்றாள்.

அந்தப் பதிலிலிருந்து ஒரு கணக்குக் கேள்வி பிறந்தது. 30 ஏக்கர் அளவு நிலம் வைத்திருந்த பண்ணையடிமை ஒருவர், வாரத்துக்கு 2 அல்லது 3 நாள் பிரபுவின் சொந்த நிலத்தில் கூலி இல்லாமல் வேலை செய்வது பல பண்ணைகளில் வழக்கம். அறுவடைக் காலத்தில் அதற்கு மேலும் நாட்கள் கேட்கப்படும். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. 3 நாள் என்று வைத்துக்கொண்டால், தன் நிலத்துக்கு மீதி 3 நாள். அறுவடையில் பிரபு மேலும் ஒரு நாள் கேட்டால் 2 நாள். மழை வரும்போல இருக்கிறது, பிரபுவின் கதிரும் உன் கதிரும் ஒரே நேரத்தில் முற்றியிருக்கின்றன, யாருடையது முதலில் உள்ளே போகும்? பிள்ளைகள் கணக்குப் போட்டார்கள். வகுப்பு கொஞ்ச நேரம் சத்தமாக இருந்தது. மனைவியும் பிள்ளைகளும் சொந்த வயலை அறுப்பார்கள் என்று ஒரு பையன் சொன்னான், அது சரியான யூகம். அறுவடைப் பக்கத்தை மறுபடி பார்க்கச் சொன்னோம். அங்கே அரிவாளோடு இருப்பவர்கள் பெண்கள். ஒருத்தி குனிந்த வேலையிலிருந்து நிமிர்ந்து முதுகை வளைத்து நிற்கிறாள். பணக்காரர் காசில் வரைந்த படத்திலும் உடம்புவலி தப்பி வந்துவிட்ட இடம் அது. அதை முதலில் கவனித்தது பிள்ளைகள்தான்.

இந்தக் கணக்குக்கு ஓர் எல்லை உண்டு, அதைத் தாளிலேயே எழுதி வைத்தோம். பண்ணைக்குப் பண்ணை நாட்கள் மாறும். 14ஆம் நூற்றாண்டில் பல இடங்களில் உழைப்புக்குப் பதிலாகப் பணமாகக் கட்டும் முறையும் வந்துவிட்டது. கூலிவேலையை நம்பிய, நிலம் மிகக் குறைவாக இருந்த குடியானவர்களும் இருந்தார்கள். கடமை குறைந்த சுதந்திரக் குடியானவர்களும் அதே ஊரில் இருந்திருக்கலாம். 3 நாள் என்பது ஓர் எடுத்துக்காட்டு, எல்லா ஊருக்குமான சட்டம் அல்ல.

பிரபுவையும் நைட்டையும் பிரிப்பது

ஒப்பீட்டு அட்டவணை என்றால் வழக்கமாக மூன்று பத்திகள் இருக்கும்: பிரபு, நைட், குடியானவர். ஒவ்வொன்றின் கீழும் வீடு, உணவு, உடை, கடமை. ஜெஃப்ரியை இந்த அட்டவணையில் எங்கே எழுதுவது என்ற கேள்விக்கு வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. கவசத்தைப் பார்த்தவர்கள் நைட் பத்தியில் எழுதினார்கள், விருந்தைப் பார்த்தவர்கள் பிரபு பத்தியில் எழுதினார்கள். இரண்டு தரப்பும் தங்கள் படத்தைத் தொட்டுக் காட்டியது.

அட்டவணையின் தலைப்புகளை மாற்றினோம். வீடு, உடைக்குப் பதிலாக மூன்று கேள்விகள் வைத்தோம். நிலம் அவருக்கு யாரிடமிருந்து வந்தது? அதற்காக அவர் மேலே இருப்பவருக்கு என்ன செய்ய வேண்டும்? அவருக்கு யார் என்ன செய்ய வேண்டும்? இப்போது ஜெஃப்ரியைப் பற்றி எழுதுவதில் குழப்பம் இல்லை. நிலத்துக்காக அரசருக்குப் போர்ச்சேவை செய்யக் கடமைப்பட்டவர் அவர், ஸ்காட்லாந்துப் போர்களுக்கு அழைக்கப்பட்டவர். அந்தப் பக்கத்தில் அவர் நைட். இர்ன்ஹம் பண்ணையில் உழைப்பும் வாடகையும் அவருக்கு வருகின்றன. அந்தப் பக்கத்தில் அவர் பிரபு. சொந்த நிலமே இல்லாமல், பெரிய பிரபு ஒருவரின் வீட்டில் தங்கி, அவர் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு சேவை செய்த நைட்டுகளும் இருந்தார்கள். அவர்களுக்கு மூன்றாவது கேள்வியின் இடம் காலியாக இருக்கும். நைட் எல்லாரும் பிரபு இல்லை என்பதும் இப்படித் தெரிந்துவிடுகிறது. நைட் என்பது போரிடும் தகுதி, பிரபு என்பது நிலத்தின்மீதும் அதில் இருக்கும் ஆட்கள்மீதும் உள்ள அதிகாரம். இரண்டும் ஒரே ஆளிடம் சேரலாம், சேராமலும் இருக்கலாம்.

போர்ச்சேவைக்கு ஆண்டுக்கு 40 நாள் என்று பாடநூல்கள் எழுதும். அது வழக்கமாகச் சொல்லப்பட்ட அளவு. ஜெஃப்ரியின் காலத்துக்கு முன்பே பலர் சேவைக்குப் பதில் பணம் கட்டினார்கள், அரசரும் சம்பளம் கொடுத்து வீரர்களைச் சேர்த்தார். இதை ஏழாம் வகுப்புக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று முடிவு செய்தோம். ஆனால் 40ஐ மாறாத எண்ணாக மதிப்பெண் போடும் கேள்வியும் வைக்கவில்லை.

தவறாகப் படிக்கப்பட்ட இடங்கள்

கவசப் படத்தில் இருக்கும் இரண்டு பெண்களைப் பலர் வேலைக்காரிகள் என்று எழுதினார்கள். பொருளை எடுத்துக் கொடுப்பவர் வேலைக்காரர் என்பது அவர்கள் கணக்கு. அதற்கான மறுப்பு அவர்கள் உடையில் இருக்கிறது. ஆக்னஸின் உடையில் ஒரு பாதி லட்ரல் சின்னம், மறுபாதி அவர் பிறந்த சட்டன் குடும்பத்தின் சிங்கம். பியாட்ரிஸின் உடையிலும் பாதிக்குப் பாதி, அவர் ஸ்க்ரோப் குடும்பத்துப் பெண். "அவர்கள் உடையில் என்ன வரைந்திருக்கிறது? அது வேலைக்காரர் உடையில் இருக்குமா?" என்று ஒரு துணைக் கேள்வி சேர்த்ததும் பெரும்பாலானோர் விடையை அடித்துவிட்டுத் திருத்தி எழுதினார்கள். திருமணம் இரண்டு நிலவுடைமைக் குடும்பங்களை இணைத்தது என்ற பெரிய செய்தி ஓர் உடையின் நடுக்கோட்டில் இருக்கிறது.

விருந்துப் படத்தைச் சில பிள்ளைகள் இயேசுவின் கடைசி இராவிருந்து என்றார்கள். அதைத் தவறு என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடக் கூடாது. நீண்ட மேசை, ஒரே பக்கத்தில் வரிசையாக ஆட்கள், நடுவில் முக்கியமானவர் என்ற அமைப்பு அந்தக் காட்சியைத்தான் நினைவுபடுத்துகிறது. நடுவில் இருப்பவர் தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்பினார் என்று கேட்க அது ஒரு வழி. ஆனால் பறவைச் சின்னத்தைக் கண்டுபிடித்த பிறகே இதைப் பேச வேண்டும், இல்லாவிட்டால் பாடம் பைபிள் கதைக்குப் போய்விடும்.

இன்னொரு சிக்கல் அச்சில் வந்தது. கருப்பு வெள்ளையில் நகல் எடுத்தால் நீலம் அடர்கருப்பாகிறது, வெள்ளிப் பறவைகள் கறைபோல ஆகிவிடுகின்றன, விருந்துத் துணியில் அவை காணாமலே போகின்றன. முதல் கேள்வியே செத்துப்போகும். ஆளுக்கு ஒரு நகல் தருவதற்குப் பதில், குழுவுக்கு ஒரு பெரிய வண்ணப் படம், ஆளுக்குக் கேள்வித்தாள் மட்டும் என்று மாற்றினோம். படத்தை வெட்டும்போதும் கவனம் வேண்டும். உழவுப் பக்கத்தில் எருதுகளை மட்டும் வைத்து வெட்டிய ஒரு தாளில் சாட்டைக்காரர் விடுபட்டிருந்தார். ஓர் உழவுக்கு எத்தனை பேர் தேவைப்பட்டது என்ற கேள்விக்கு விடை அவரோடு போய்விட்டது. சுவடியின் ஓரங்களில் மனிதத்தலையும் மீன்வாலுமாக விசித்திர உருவங்களும் நிறைய உண்டு. முழுப் பக்கத்தையும் கொடுத்தால் பிள்ளைகள் முதலில் அவற்றைத்தான் பார்ப்பார்கள். சரி, பார்க்கட்டும் என்று சில நிமிடம் விட்டுவிட்டு அப்புறம் கேள்விக்கு வருவதுதான் நடைமுறையில் சரியாக வந்தது.

மதிப்பெண்

ஒவ்வொரு கேள்விக்கும் 3 மதிப்பெண். படத்தில் என்ன பார்த்தாய் என்பதற்கு 1, அதிலிருந்து என்ன முடிவுக்கு வந்தாய் என்பதற்கு 1, ஏன் என்பதற்கு 1. எப்படித் திருத்தினோம் என்று தெரிய உழவுப் படக் கேள்வி ஒன்றுக்கு வந்த மூன்று விடைகளைக் காட்டுகிறேன். கேள்வி: "நான்கு எருதுகளும் ஒரே குடியானவருடையவையாக இருந்திருக்குமா?"

"இல்லை. குடியானவர்கள் ஏழைகள்" என்ற விடைக்கு 1 கொடுத்தோம். முடிவு இருக்கிறது, ஆனால் படத்துக்கே போகவில்லை. ஏழை என்பதும் பாடத்தில் மனப்பாடம் செய்ததுதான். "நான்கு எருதுகள் இருக்கின்றன. நான்கும் ஒருவருடையவை, ஏனென்றால் ஒருவர்தான் கலப்பையைப் பிடித்திருக்கிறார்" என்ற விடைக்கு 2. முடிவு பலவீனமானது, ஆனாலும் பார்த்ததும் காரணமும் படத்திலிருந்து வந்திருக்கின்றன. பழைய தாளில் இது முழுத் தவறாகப் போயிருக்கும். "நான்கு எருதுகள், இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள். நான்கு எருதுகளுக்குத் தீனி போட நிறைய நிலம் வேண்டும், அதனால் இரண்டு மூன்று வீட்டு எருதுகளைச் சேர்த்திருப்பார்கள்" என்ற விடைக்கு 3. பண்ணைகளில் குடியானவர்கள் எருதுகளைச் சேர்த்துப் பூட்டி உழுதது உண்டு. எருதுகள் பிரபுவின் பண்ணையைச் சேர்ந்தவையாகவும் இருக்கலாம். அப்படி எழுதிக் காரணம் சொன்னவருக்கும் 3தான்.

திருத்துவதற்கு நேரம் அதிகமாகிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஒற்றைச் சொல் விடைகளைத் திருத்தும் வேகம் இதில் வராது. வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு ஏன் என்ற மதிப்பெண்ணை வாய்மொழியாகக் கேட்டுக் குறித்துக்கொண்டோம். பழைய தாளில் கடைசியில் இருந்த சிலர் இதில் மேலே வந்தார்கள். எழுத்து வராததால்தான் பின்தங்கியிருந்தார்கள், கண் அவர்களுக்கு நன்றாகவே வேலை செய்தது.

பிறகு சேர்த்த சிறு படம்

திருத்தி முடித்தபோது விடைகளில் ஒரு குறை தெரிந்தது. குடியானவர் எல்லாரும் ஒரே மாதிரி, எல்லாரும் ஒரே படியில் என்றே பிள்ளைகள் எழுதியிருந்தார்கள். லட்ரல் படங்களில் இதை உடைக்க எளிதான காட்சி கிடைக்கவில்லை. அதனால் அதே காலத்து இன்னொரு ஆங்கிலச் சுவடியான குயீன் மேரி சங்கீதச் சுவடியிலிருந்து ஒரு படத்தைச் சேர்த்தோம். அது ஏறக்குறைய 1310க்கும் 1320க்கும் இடையில் எழுதப்பட்டது. ஆகஸ்ட் மாதப் பக்கத்தில் மூன்று பேர் குனிந்து கதிர் அறுக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒருவர் நிமிர்ந்து நின்று, கையில் கோலோடு வேலையைக் காட்டுகிறார்.

"கோல் பிடித்தவர் யார்: பிரபுவா, நைட்டா, குடியானவரா?" என்று கேட்டோம். பிரபு என்ற விடைதான் அதிகம் வந்தது. அதிகாரம் என்றால் பிரபு என்று நினைப்பது இயல்புதான். அவர் ரீவ் எனப்பட்ட மேற்பார்வையாளர். பெரும்பாலும் அந்த ஊர்ப் பண்ணையடிமைகளிலிருந்தே தேர்ந்தெடுக்கப்படுவார். யார் வேலைக்கு வந்தார், வரவில்லை என்று பார்ப்பதும், பண்ணையின் வரவுசெலவுக்குப் பதில் சொல்வதும் அவர் பொறுப்பு. கணக்கில் குறைந்தால் அவர்தான் ஈடு கட்ட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரைக் கோலோடு நின்று வேலை வாங்க வேண்டியவர் அவர்.

எங்கள் அட்டவணையின் மூன்று கேள்விகளையும் இவருக்குப் போட்டுப் பார்க்கச் சொன்னோம். நிலம் பிரபுவிடமிருந்து. கடமை பிரபுவுக்கு. மூன்றாவது கேள்வியில், அவருக்கு யார் என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தில், பென்சில்கள் நின்றன. அறுப்பவர்கள் அவர் சொல்வதைக் கேட்க வேண்டும், ஆனால் அறுக்கும் கதிர் அவருக்குப் போகாது. ஒரு மாணவி "வேலை வாங்கலாம், விளைச்சல் வாங்க முடியாது" என்று எழுதினாள். அந்த வரியைக் கரும்பலகையில் எழுதி, ஜெஃப்ரியின் விருந்துப் படத்தைப் பக்கத்தில் ஒட்டி, "இந்த மேசைக்கு வந்த ரொட்டியின் வழியை வயலிலிருந்து தொடங்கி எழுது, வழியில் யார் யார் கை வருகிறது என்று குறி" என்பதைத் தாளின் கடைசிக் கேள்வியாக வைத்தோம். கலப்பை, அரிவாள், ரீவின் கோல், வண்டி, ஆலை, சமையற்கட்டு, பரிமாறுபவர், பிரபு என்று எழுத வேண்டிய அந்தக் கேள்விக்கு மட்டும் 5 மதிப்பெண்.